கைமாற்றுப் பணம் திரும்பி வராவிட்டால் எந்த வழக்கு? நிரூபிக்க வேண்டியது யார், எவ்வளவு?

தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவருக்கு, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் 2023 ஜனவரியில் 4 லட்சம் ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். வாத்தியார் கையில் இருப்பது இரண்டு. ஒன்று, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்திட்ட புரோநோட்டு. இன்னொன்று, தேதியும் தொகையும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக். 2024 பிப்ரவரியில் கடைக்காரர் 1 லட்சம் திருப்பிக் கொடுத்து, நோட்டின் பின்பக்கம் "வரவு 1,00,000" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. போனும் எடுப்பதில்லை.

வாத்தியாருக்கு மூன்று வழிகள் உண்டு. சிவில் கோர்ட்டில் பணம் கேட்டு வழக்குப் போடலாம். செக்கை வங்கியில் போட்டு, அது திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் குற்றவியல் கோர்ட்டுக்குப் போகலாம். அல்லது "ஏமாற்றிவிட்டார்" என்று போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாம். ஊரில் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் ஆலோசனை மூன்றாவதுதான்: "ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விட்டால் தானாகக் கொடுத்துவிடுவான்." கோர்ட்டில் நிரூபிப்பது என்று வந்தால் இருப்பதிலேயே பலவீனமான வழியும் அதுதான். ஏன் என்பது, மூன்றிலும் யார் எதை எவ்வளவு தூரம் நிரூபிக்க வேண்டும் என்று பார்த்தால் புரியும்.

முதலில், பலரும் கவனிக்காத ஒரு விஷயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்திலும் சரி, அதற்கு முன்பிருந்த 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்திலும் சரி, 'நிரூபிக்கப்பட்டது' என்பதற்கு இருப்பது ஒரே விளக்கம்தான். ஒரு விவேகமுள்ள மனிதர் அதை நம்பி நடந்துகொள்ளும் அளவுக்கு அது நடந்திருக்க வாய்ப்பு இருந்தால், அது நிரூபணம். சிவிலுக்கு ஓர் அளவுகோல், கிரிமினலுக்கு இன்னோர் அளவுகோல் என்று அந்த விளக்கம் பிரிக்கவில்லை. பிரித்தவை நீதிமன்றங்கள். 1975இல் தஸ்தானே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொன்னது. சிவில் வழக்கில் இரு தரப்புக் கதைகளில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும். கிரிமினல் வழக்கில் ஒருவருடைய சுதந்திரமே பணயம் என்பதால், நியாயமான சந்தேகம் எதுவும் மிஞ்சாத அளவுக்கு நிரூபிக்க வேண்டும். சிவிலில் தராசு ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்தாலே தீர்ப்பு கிடைத்துவிடும். கிரிமினலில் அது போதாது.

சரி, வாத்தியாரின் மூன்று வழிகளுக்கு வருவோம்.

போலீஸ் புகாரை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மோசடி என்றால், பணம் வாங்கும்போதே திருப்பிக் கொடுக்கும் எண்ணம் கடைக்காரருக்கு இல்லை என்று காட்ட வேண்டும். பிறகு கொடுக்க முடியாமல் போனதோ, கொடுக்க மனமில்லாமல் போனதோ மோசடி ஆகாது. உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. இந்த எண்ணத்தை நிரூபிக்க வேண்டியது முழுக்க முழுக்க அரசுத் தரப்பு, அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல். கடைக்காரர் வாயே திறக்க வேண்டாம். வாத்தியாரின் வழக்கில் அவர் திருப்பிக் கொடுத்த 1 லட்சம் இருக்கிறதே, அது ஒன்றே போதும். ஏமாற்ற நினைத்தவன் ஏன் ஒரு வருஷம் கழித்து லட்ச ரூபாய் கொடுக்கிறான் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அதனால்தான் ஸ்டேஷனில் புகார் வாங்கியதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்துவிட்டு "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்கள்" என்று அனுப்புகிறார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் பெரும்பாலான கைமாற்று வழக்குகளில் அவர்கள் சொல்வது சட்டப்படி சரி. ஒரே சொத்தை நான்கு பேரிடம் அடமானம் காட்டிப் பணம் வாங்கியவர், இல்லாத வேலையைச் சொல்லி வாங்கியவர் போன்றவர்கள் விஷயம் வேறு. அங்கே தொடக்கத்திலேயே பொய் இருக்கிறது, அதைக் காட்ட ஆவணமும் இருக்கும்.

அடுத்தது சிவில் வழக்கு. கோர்ட்டிடம் ஒன்றைக் கேட்பவர்தான் அதற்கான உண்மைகளை நிரூபிக்க வேண்டும் என்பது பொது விதி. ஆகவே தொடக்கச் சுமை வாதியான வாத்தியார் மேல். ஆனால் அவர் கையில் புரோநோட்டு இருக்கிறது. அதில் இருப்பது கடைக்காரர் கையெழுத்துதான் என்பது ஒத்துக்கொள்ளப்பட்டாலோ, சாட்சி மூலம் நிரூபணம் ஆனாலோ, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118ஆம் பிரிவு அவருக்குக் கைகொடுக்கும். நோட்டு பணம் வாங்கியதற்காகவே எழுதப்பட்டது என்று கோர்ட் அனுமானிக்க வேண்டும். அதற்கப்புறம் "பணமே வாங்கவில்லை" என்றோ "எல்லாம் கொடுத்து முடித்துவிட்டேன்" என்றோ சொல்வது கடைக்காரர் என்றால், அதைக் காட்ட வேண்டியதும் அவரே.

சிவிலில் வாத்தியாருக்கு இன்னும் இரண்டு சாதகங்கள். பிராதில் சொன்ன ஒரு விஷயத்தைப் பதிலுரையில் தெளிவாக மறுக்காவிட்டால், பிரதிவாதி அதை ஒத்துக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளலாம். அதோடு, பிரதிவாதி கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லாமல் ஒதுங்கினால், அவர் சொல்வது உண்மையில்லை என்று கோர்ட் ஊகிக்கலாம். 1999இல் வித்யாதர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. கிரிமினலில் இதே மௌனத்தைக் குற்றத்துக்கு ஆதாரமாக்க முடியாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவே சொல்கிறது.

சிவிலின் குறை பணமும் காலமும். தமிழ்நாட்டில் 2017 திருத்தத்துக்குப் பிறகு கோர்ட் கட்டணம் 3 சதவீதம். வாத்தியார் கேட்கும் 3 லட்சம் அசலுக்கு 9,000 ரூபாய், வட்டியும் சேர்ந்தால் அதற்கும் சேர்த்து. முன்பு இது 7.5 சதவீதமாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது பரவாயில்லை. டிக்ரி வாங்கிய பிறகும் பணம் தானாக வராது, நிறைவேற்று மனு போட்டுச் சொத்தைத் தேட வேண்டும்.

காலவரம்பு 3 ஆண்டுகள். கேட்டதும் கொடுப்பதாக எழுதிய நோட்டுக்கு, நோட்டின் தேதியிலிருந்தே கணக்கு ஓடும். 2023 ஜனவரி நோட்டு 2026 ஜனவரியோடு செத்திருக்கும். காப்பாற்றியது பின்பக்கத்து வரவு. கடனாளி தன் கைப்பட எழுதிய, அல்லது கையெழுத்திட்ட வரவு இருந்தால், அந்தப் பணம் கொடுத்த தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள். ஆகவே வாத்தியாருக்கு 2027 பிப்ரவரி வரை நேரம் உண்டு. வரவை வாத்தியாரே எழுதி, கடைக்காரர் கையெழுத்து இல்லாமல் இருந்திருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. காலவரம்பு தப்பவில்லை என்று காட்ட வேண்டிய சுமையும் வாதி மேல்தான். எதிர்த்தரப்பு அதைக் கிளப்பாவிட்டாலும் கோர்ட் தானே பார்த்து வழக்கைத் தள்ளிவிட வேண்டும்.

ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டுக்கும் இங்கே பெரிய ஆபத்து உண்டு. மற்ற பல ஆவணங்களுக்கு அபராதம் கட்டிக் குறையைச் சரி செய்யலாம், புரோநோட்டுக்கு அந்த வழி கிடையாது. சிவில் கோர்ட் அதைச் சான்றாவணமாக ஏற்காது. வேடிக்கை என்னவென்றால், முத்திரைச் சட்டத்தின் அதே 35ஆம் பிரிவு கிரிமினல் கோர்ட்டுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. சிவிலில் கதவு மூடிய காகிதம், செக் வழக்கில் துணை ஆதாரமாக உள்ளே வரலாம்.

இப்போது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் செக் வழக்கு. 2021இல் மோகன்ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஓநாய் வேஷம் போட்ட சிவில் ஆடு என்று வர்ணித்தது. பெயரில் கிரிமினல்: 2 ஆண்டுகள் வரை சிறை, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம். உள்ளே நடப்பது கடன் வசூல். நிரூபணச் சுமையும் இங்கே வேறு மாதிரிதான்.

சாதாரணக் கிரிமினல் வழக்கில் எல்லாச் சுமையும் புகார் தரப்பில். செக் வழக்கில் 139ஆம் பிரிவு அதைத் திருப்பிவிடுகிறது. செக்கில் இருப்பது தன் கையெழுத்துதான் என்று எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், ஒத்துக்கொண்டால் போதும். சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனுக்காகவே அந்தச் செக் கொடுக்கப்பட்டது என்று கோர்ட் அனுமானித்தாக வேண்டும். 2010இல் ரங்கப்பா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை உறுதி செய்தது. கடன் இருந்தது என்பதையே அனுமானிக்க முடியாது என்று 2008இல் வந்த ஒரு தீர்ப்பின் கருத்து அதோடு போயிற்று. வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும், மற்ற விவரங்களை வேறு ஒருவர் நிரப்பினாலும் அனுமானம் போகாது என்று 2019இல் பீர்சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. "செக்யூரிட்டிக்குக் கொடுத்த செக், அவரே நிரப்பிக்கொண்டார்" என்று மட்டும் சொல்லித் தப்பும் காலம் முடிந்துவிட்டது.

எதிரி அந்த அனுமானத்தை எவ்வளவு தூரம் உடைக்க வேண்டும்? அங்கேதான் இந்த வழக்கின் நுட்பம் இருக்கிறது. அவர் சந்தேகத்துக்கு அப்பால் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. தன் கதைக்கு வாய்ப்பு இருக்கிறது என்று, சிவில் வழக்கின் அளவுக்குக் காட்டினால் போதும். அதற்கு அவர் கூண்டில் ஏற வேண்டும் என்றோ சாட்சி கொண்டுவர வேண்டும் என்றோ கட்டாயமில்லை. வாத்தியாரின் சாட்சியத்திலிருந்தே, குறுக்கு விசாரணையில் அதை எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் சுமை மறுபடி வாத்தியாரிடம் வந்துவிடும். இந்த முறை அனுமானத்தின் துணை இல்லாமல், கிரிமினல் வழக்குக்கு உரிய அளவில். செக் வழக்கை ஆரம்பிப்பது சிவிலை விட லேசு. ஆனால் பாதியில் ஓர் ஓட்டை விழுந்தால் கீழே போவதும் வேகம்.

அந்த ஓட்டை எப்படி விழுகிறது என்பதற்கு 2019இல் வந்த பசலிங்கப்பா தீர்ப்பு நல்ல உதாரணம். கர்நாடகத்தில் ஒருவர் 6 லட்சம் கடன் கொடுத்ததாகச் சொன்னார். அவர் 1997இல் ஓய்வுபெற்றவர், ஓய்வுப்பணம் சுமார் 8 லட்சம். ஆனால் அதே காலத்தில் வேறு பலருக்கும் பெரிய தொகைகள் கொடுத்திருந்தது விசாரணையில் தெரிந்தது. அப்படியானால் இந்த 6 லட்சம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவரிடம் சரியான கணக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் எதிரியை விடுவித்தது. எதிரி எதையும் பெரிதாக நிரூபிக்கவில்லை, புகார்தாரரின் பதில்களே போதுமானதாக இருந்தன.

நம் வாத்தியாருக்கும் கேள்விகள் இப்படித்தான் வரும்:

"ஐயா, 4 லட்சத்தை எந்த வங்கியிலிருந்து எடுத்தீர்கள்?"

"வீட்டில் வைத்திருந்தது."

"எவ்வளவு நாளாக?"

"கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது."

"வருமான வரிக் கணக்கில் இந்தக் கடனைக் காட்டினீர்களா?"

"இல்லை."

மூன்று பதில்களும் உண்மையாகவே இருக்கலாம். கடைக்காரருக்குத் தேவை உண்மை பொய் அல்ல, ஒரு நியாயமான ஐயம். அதனால் செக் வழக்குப் போடுமுன் வாத்தியார் தேட வேண்டியது அந்தக் காலத்து பாஸ்புக், ஓய்வூதியப் பணம் வந்த கணக்கு, நிலமோ நகையோ விற்ற ரசீது. ரொக்கமாகக் கொடுத்ததே சட்டவிரோதம், ஆகவே கடனே செல்லாது என்ற வாதமும் சில காலம் ஓடிக்கொண்டிருந்தது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கக் கடன் வாங்குவதை 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்எஸ் பிரிவு தடுத்தது என்பதுதான் அதற்கு ஆதாரம். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. வரித்துறை அபராதம் ஒரு பக்கம், கடன் இன்னொரு பக்கம் என்றது.

இதில் வக்கீல் நோட்டீசுக்கு வரும் பதிலும் முக்கியம். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பெற்றுக்கொண்ட 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். கடைக்காரர் பதிலே போடாமல் இருந்தால் அது வாத்தியார் பக்கம் பேசும். பணம் கொடுக்கும் வசதி வாத்தியாருக்கு இல்லை என்று பதில் நோட்டீசிலேயே சொல்லாதபோது, தொடக்கத்திலேயே அந்த வசதியை நிரூபிக்கும்படி அவரைக் கேட்க முடியாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காக, பின்னால் குறுக்கு விசாரணையில் கேட்கவே மாட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

கையெழுத்தையே மறுத்தால் கதை மாறும். அப்போது அனுமானம் தானாக வராது, கையெழுத்து அவருடையது என்று வாத்தியார் முதலில் நிரூபிக்க வேண்டும். வங்கியின் ரிட்டர்ன் மெமோவில் "போதிய பணம் இல்லை" என்று இருக்கிறதா, "கையெழுத்து ஒத்துப்போகவில்லை" என்று இருக்கிறதா என்பதை வக்கீல்கள் முதலில் பார்ப்பது இதனால்தான். பணம் இல்லை என்று மட்டும் திரும்பியிருந்தால், வங்கி கையெழுத்தில் குறை காணவில்லை என்று வாதிட இடம் உண்டு. இல்லையென்றால் கையெழுத்து நிபுணர், தடய அறிவியல் ஆய்வகம் என்று வாய்தா நீளும்.

இனி அந்தப் பின்பக்கத்து வரவு. சிவிலில் வாத்தியாரைக் காப்பாற்றிய அதே வரி, செக் வழக்கில் அவரைக் கவிழ்க்கலாம். அவர் கோபத்தில் செக்கில் 4 லட்சம் என்று நிரப்பி வங்கியில் போட்டால், அந்தத் தேதியில் பாக்கி 3 லட்சம்தான். செக் தொகை அளவுக்கு வசூலிக்கத்தக்க கடன் இல்லை. பகுதித் தொகை கிடைத்த பிறகு, அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் போட்டால் 138ஆம் பிரிவுக் குற்றம் ஆகாது என்று 2022இல் தஷ்ரத்பாய் வழக்கில் தீர்ப்பு. கடைக்காரர் நோட்டின் பின்பக்கத்தைக் காட்டினால் போதும், அதிலேயே வழக்கு முடிந்துவிடும். சிவிலில் வாதி 4 லட்சம் கேட்டு, 3 லட்சம்தான் பாக்கி என்று தெரிந்தால் கோர்ட் 3 லட்சத்துக்கு டிக்ரி கொடுக்கும். கிரிமினலில் அப்படிப் பாதி கொடுக்கும் ஏற்பாடு இல்லை. குற்றம் உண்டு அல்லது இல்லை.

எனவே வாத்தியார் செக்கில் 3 லட்சம் என்றே நிரப்ப வேண்டும், நோட்டீசிலும் அதே தொகையைக் கேட்க வேண்டும். வட்டியைச் செக்கில் ஏற்றுவதையும் தவிர்த்தால் நல்லது. எந்த வட்டி, எப்போது பேசியது என்ற புதுச் சண்டைக்கு அது வழி திறக்கும். வட்டியை சிவிலில் கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்றைத் தேர்ந்தால் மற்றது போய்விடுமா? போகாது. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம். செக் வழக்கில் எதிரி விடுதலை ஆனாலும் சிவில் வழக்கு தானாகத் தோற்காது. சந்தேகத்தின் பலனில் விடுவிப்பது, கடன் இல்லை என்று கண்டுபிடிப்பது ஆகாது, அளவுகோல் வேறு என்பதால். எதிர்ப்பக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு செக் வெறும் செக்யூரிட்டிக்குத்தான் கொடுக்கப்பட்டது என்று சிவில் கோர்ட் அறிவித்துவிட்ட நிலையில், அதே செக்குக்குக் கொடுத்த கிரிமினல் தண்டனை நிற்காது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. சிவிலில் அலட்சியமாக இருந்து தோற்றால் அது கிரிமினலையும் இழுத்துக்கொண்டு போகலாம்.

என் கணிப்பு இது. பணம் வங்கி வழியாகப் போயிருந்து, செக் தொகையும் பாக்கியும் ஒத்துப்போனால் செக் வழக்கை முதலில் போடுங்கள். கட்டணம் பெயரளவுக்குத்தான். அதோடு, எதிரி குற்றத்தை மறுத்த பிறகு செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்ல 143ஏ பிரிவு கோர்ட்டுக்கு அதிகாரம் கொடுக்கிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, கோர்ட்டின் விருப்பம். ரொக்கமாகக் கொடுத்து, எங்கிருந்து வந்தது என்று காட்டக் காகிதம் இல்லாமல், நல்ல புரோநோட்டும் உயிரோடு இருக்கிற சாட்சியும் இருந்தால், சிவிலைத்தான் நம்பகமான வழியாக எடுத்துக்கொள்வேன். அங்கே ஐயம் ஒன்று எழுந்தாலே வழக்கு சாய்ந்துவிடாது. நம் வாத்தியார் இரண்டாவது வகை. அவர் 3 லட்சத்துக்குச் செக் வழக்கும் போடலாம். ஆனால் அது நடக்கட்டும் என்று 2027 பிப்ரவரியைத் தாண்டவிட்டால், செக் வழக்கு விழும் நாளில் சிவில் கதவும் மூடியிருக்கும். செக் வழக்கு நடந்த காலத்தைக் காலவரம்பிலிருந்து கழித்துத் தருவார்கள் என்று எண்ணிக் காத்திருப்பது பெரிய சூதாட்டம்.

இரண்டிலும் ஜெயித்தால் இரண்டு மடங்கு பணம் வராது. செக் வழக்கில் இழப்பீடாகக் கிடைத்ததை டிக்ரித் தொகையிலிருந்து கழித்துவிடுவார்கள்.